கெடு தாண்டிய பதினாறு நாள்

சென்ற ஆண்டு என் தமக்கையின் மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். அவளும் அவள் கணவரும் அமெரிக்காவில், ஒஹையோ மாகாணத்தில் குடித்தனம் நடத்துகிறார்கள். கூடத்தில் நல்ல சோபா ஒன்று, உணவருந்த ஒரு மேஜை, அதைச் சுற்றி ஆறு நாற்காலிகள். "எல்லாம் வட்டியில்லாத் தவணையில் வாங்கியது, மாமா" என்று வந்த அன்றே பெருமையாகச் சொன்னாள். நானும் அந்தச் சோபாவில் சாய்ந்துகொண்டு, வட்டியில்லாமல் கடன் கொடுக்கும் வணிகர்களைப் பெற்ற நாடு எத்தகைய புண்ணிய பூமி என்று வியந்தேன்.

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு கடிதம் வந்தது. அதைப் பிரித்துப் படித்தவள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். "வட்டி, 334 டாலர்" என்று அதில் கண்டிருந்தது. வாங்கிய சாமான்களின் மொத்த விலையே 2,400 டாலர்தான். அதை மாதம் 200 டாலர் வீதம் பன்னிரண்டு தவணைகளில் ஒரு காசு பாக்கியில்லாமல் கட்டி முடித்திருந்தார்கள்.

"ஏமாற்றிவிட்டார்களா, மாமா?" என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வார காலம் பிடித்தது. அந்த ஒரு வாரத்தில் நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். சாமான்கள் வாங்கிய நாள் அக்டோபர் 12. கடையிலேயே, அந்தக் கடையின் பெயர் பொறித்த கடன் அட்டை ஒன்றை அவர்களுக்குக் கொடுத்தார்கள். "பன்னிரண்டு மாதத்துக்குள் முழுவதும் கட்டினால் வட்டி இல்லை" என்பது விளம்பரம். அட்டையின் சாதாரண வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு 24. அதாவது மாதம் இரண்டு வட்டி. மாப்பிள்ளை சிக்கனமும் ஒழுங்கும் உள்ளவர். 2,400ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் 28ஆம் தேதி தம் வங்கிக் கணக்கிலிருந்து 200 டாலர் தானாகவே போய்ச் சேரும்படி ஏற்பாடு செய்துவிட்டு, அந்த விஷயத்தை மறந்துவிட்டார்.

அவர் மறந்த இடத்தில்தான் வினை இருந்தது. அக்டோபரில் வாங்கிய சரக்குக்கு முதல் பில் நவம்பர் தொடக்கத்தில் வந்தது. அதைக் கட்ட வேண்டிய நாள் நவம்பர் 28. அதிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். மறு ஆண்டு செப்டம்பர் 28 வரை பதினொரு தவணைகள்தாம் வருகின்றன. பன்னிரண்டாவது தவணைக்குரிய நாள் அக்டோபர் 28. ஆனால் "பன்னிரண்டு மாதம்" என்ற கெடுவோ, வாங்கிய நாளிலிருந்து கணக்கிட்டு, அக்டோபர் 12ஆம் தேதியே முடிந்துவிட்டது. அன்றைக்கு நின்ற பாக்கி 200 டாலர். பதினாறு நாள் கழித்து அதுவும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆயினும் என்ன? கெடு தப்பியது தப்பியதுதான்.

சரி, 200 டாலருக்குப் பதினாறு நாள் வட்டி என்ன ஆகும்? இரண்டு டாலர் சொச்சம். அதைக் கேட்டிருந்தால் யாரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டது அந்த வட்டியை அல்ல. வாங்கிய முதல் நாளிலிருந்து, ஒவ்வொரு மாதமும் எவ்வளவு பாக்கி நின்றதோ அவ்வளவுக்கும், வட்டியைக் கணக்கிட்டு ஓர் ஓரமாக எழுதி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். முதல் ஒன்றரை மாதம் 2,400 டாலருக்கு வட்டி 72 டாலர். அடுத்த மாதம் 2,200க்கு 44 டாலர். அதற்கடுத்த மாதம் 2,000க்கு 40 டாலர். இப்படியே குறைந்துகொண்டு வந்து, செப்டம்பர் மாதக் கடைசியிலிருந்து அக்டோபர் 12 வரை 200 டாலருக்கு 2 டாலர். எல்லாவற்றையும் கூட்டினால் 334 டாலர். வட்டிக்கு வட்டி சேர்த்தால் இன்னும் கொஞ்சம் ஏறும்; அதை விட்டுவிடுவோம். கெடுவுக்குள் பாக்கி தீர்ந்திருந்தால் ஓரத்தில் எழுதிய அந்தக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டிருப்பார்கள். ஒரு டாலர் பாக்கி நின்றாலும் அது அப்படியே உயிர் பெற்று எழுந்துவிடும்.

ஆகவே அந்தத் திட்டத்தில் வட்டி இல்லாமல் இருந்த நாள் ஒன்றுகூட இல்லை. வட்டி முதல் நாளே பிறந்துவிட்டது. அதைக் கேட்காமல் ஒத்தி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். இல்லாத வட்டி வேறு, ஒத்தி வைத்த வட்டி வேறு. இரண்டும் ஒன்றுபோல் தோற்றமளிப்பது எப்படி வந்தது என்பதே ஒரு சரித்திரம்.

அந்தச் சரித்திரம் தையல் இயந்திரத்தில் தொடங்குகிறது. 1850களில் சிங்கர் கம்பெனியின் இயந்திரம் ஒன்றின் விலை நூறு டாலருக்கு மேல். சாதாரணக் குடும்பத்தால் எண்ணிப் பார்க்கவும் முடியாத தொகை. சிங்கரின் கூட்டாளியான எட்வர்ட் கிளார்க் என்ற வழக்கறிஞர் 1856இல் ஒரு யோசனை செய்தார். சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்து இயந்திரத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். மீதியை மாதாமாதம் கட்டலாம். விற்பனை மளமளவென்று ஏறியது. பிற்பாடு மரச்சாமான், பியானோ, மோட்டார் வண்டி என்று எல்லாச் சரக்கும் அந்த வழியில் நடந்தன.

ஆனால் அந்தக் காலத்து அமெரிக்க மாகாணங்களில் கடும் வட்டியைத் தடுக்கும் சட்டங்கள் இருந்தன. நூற்றுக்கு ஆறு, எட்டு என்பதுபோன்ற வரம்புகள். தவணைக்காக விலையைக் கூட்டி விற்றால், கூட்டிய தொகை வட்டிதானே? அது சட்டத்துக்கு விரோதமாகாதா? இந்தக் கேள்வி ஏற்கெனவே நீதிமன்றம் ஏறியிருந்தது. 1827இல் இங்கிலாந்திலும், 1861இல் ஹாக் எதிர் ரஃப்னர் என்ற வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும், ஏறக்குறைய ஒரே விதமான தீர்ப்பு கிடைத்தது. தன் சரக்குக்கு ரொக்க விலை ஒன்று, கடன் விலை வேறொன்று என்று வைக்க விற்பவனுக்கு உரிமை உண்டு. பணத்தைக் கடன் கொடுத்தால்தான் அதற்குப் பெயர் வட்டி. சரக்கைக் கடன் கொடுத்து விலையைக் கூட்டினால் அது வெறும் விலைதான் என்பது அந்தத் தீர்ப்புகளின் சாரம்.

பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். சட்டத்தில் சில சமயம் மாறிவிடுகிறது. அந்தத் தீர்ப்பின் நிழலில் நூறு ஆண்டுகளுக்கு மேல் தவணை வியாபாரம் வட்டி வரம்புக்கு வெளியே செழித்தது. ஆனால் அதில் ஒரு நேர்மையும் இருந்தது. இரண்டு விலையும் வாங்குகிறவர் முன்னால் தனித்தனியே நின்றன. ரொக்கமாகக் கொடுத்தால் இவ்வளவு, தவணைக்கு இவ்வளவு. இரண்டில் ஒன்றைக் கடையில் நிற்கும்போதே அவர் தேர்ந்தெடுத்துவிடுவார்.

அடுத்து வந்த மாறுதல்தான் நம் கதைக்கு முக்கியம். அமெரிக்க மரச்சாமான் கடைகளில் "தொண்ணூறு நாள், ரொக்கம் போலவே" என்று ஒரு வழக்கம் உண்டாயிற்று. தவணைக் கடனுக்குத்தான் கையெழுத்து. ஆனால் தொண்ணூறு நாளுக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டால் கடன் விலையைக் கேட்க மாட்டார்கள், ரொக்க விலையோடு விட்டுவிடுவார்கள். பார்க்கப்போனால் இது வாடிக்கையாளருக்குச் செய்த நல்ல சலுகை. ஆனால் ஒன்று நேர்ந்துவிட்டது. எந்த விலை என்பதை இனிக் கடையில் நின்று தேர்ந்தெடுப்பது இல்லை. தொண்ணூறாவது நாள்தான் அதைத் தீர்மானிக்கும். வாங்குகிறவர் ரொக்க விலையை மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். விற்கிறவரின் ஏட்டிலோ கடன் விலை எழுதியிருக்கிறது.

இதற்கிடையில் அமெரிக்கப் பாராளுமன்றமாகிய காங்கிரசில் ஒரு போராட்டம் நடந்தது. பொருளாதாரப் பேராசிரியராக இருந்து செனட்டரான பால் டக்ளஸ் என்பவர், கடன் கொடுப்பவர்கள் எல்லாரும் ஆண்டு வட்டி வீதத்தை ஒரே முறையில் கணக்கிட்டுச் சொல்ல வேண்டும் என்று 1960இல் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அது எட்டு ஆண்டுகள் இழுபட்டது. இடையில் டக்ளஸ் தேர்தலில் தோற்றுப் போனார். வேறொரு செனட்டர் அதை ஏற்று நடத்தி, 1968இல் சட்டமாக்கினார். அதற்கு "கடனில் உண்மை" என்று பொருள்படும் பெயர். நல்ல சட்டம்தான். ஆனால் அது உண்மையைச் சொல்லச் சொன்னதேயன்றி, வட்டிக்கு வரம்பு கட்டவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டால் எதையும் செய்யலாம் என்று ஆகிவிட்டது.

மாகாணங்களின் பழைய வரம்புகளாவது காப்பாற்றினவா என்றால், அவையும் 1978இல் ஆட்டம் கண்டன. ஒரு மாகாணத்தில் அமைந்த தேசிய வங்கி, தன் சொந்த மாகாணம் அனுமதிக்கும் வட்டியை வேறு மாகாணத்து வாடிக்கையாளர்களிடமும் வசூலிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு தீர்ப்பளித்தது. உடனே 1980இல் தெற்கு டகோட்டாவும், 1981இல் டெலாவேரும் தங்கள் வரம்புகளை நீக்கி, வங்கிகளை வாருங்கள் என்று அழைத்தன. கடைக்காரர் தாமே கடன் கொடுப்பது குறைந்து, அவர் பெயரில் ஒரு வங்கி அட்டை கொடுப்பது பெருகியது. என் மருமகளின் அட்டையில் பொறித்திருந்ததும் கடையின் பெயர்தான். கடன் கொடுத்ததோ, அவள் ஒரு நாளும் கண்ணால் பார்த்திராத ஒரு வங்கி.

இப்படித் தொண்ணூறு நாள் ஓராண்டாக நீண்டது. பழைய ரொக்க வாக்குறுதி "வட்டி இல்லை" என்ற இரண்டு சொல்லாகச் சுருங்கியது. அந்தக் காலத்துத் திட்டங்களில் இன்னும் கடுமையான நிபந்தனைகள் உண்டு. நடுவில் ஒரே ஒரு தவணை சில நாள் தாமதமானாலும் சலுகை முழுவதும் பறிபோகும் என்று சில ஒப்பந்தங்கள் கூறின. அதே அட்டையில் வேறு சாமான் வாங்கினால், கட்டும் பணம் எந்தக் கணக்குக்கு முதலில் போகும் என்பதும் வங்கியின் இஷ்டமாகவே இருந்தது.

2008 டிசம்பரில் இந்தத் திட்டத்தின் ஆயுள் முடிந்துவிடும்போல் இருந்தது. அமெரிக்காவின் மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் அந்த மாதம் புதிய விதிகளை வெளியிட்டது. அவற்றை எழுதியபடி எடுத்துக்கொண்டால், ஒத்தி வைத்த வட்டியைப் பின்தேதியிட்டு ஒரேயடியாக வசூலிப்பது இயலாத காரியம். கடைக்காரர்கள் பதறிப்போனார்கள். பொருளாதாரம் படுத்துக் கிடந்த நேரம். இந்தத் தவணையும் போய்விட்டால் சோபாவையும் குளிர்பெட்டியையும் யார் வாங்குவார்கள் என்று முறையிட்டார்கள். சில மாதங்களில், 2009 மே மாதம், பெடரல் ரிசர்வ் தன் விதிக்கு ஒரு விளக்கத்தை முன்வைத்தது. திட்டம் இருக்கலாம், ஆனால் நிபந்தனையை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதன் போக்கு. அதே மே மாதம் காங்கிரஸ் கடன் அட்டைச் சட்டத்தை நிறைவேற்றியது. அதை ஒட்டிய விதிகள் 2010 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தன.

அந்த விதிகள் செய்த நன்மைகளைச் சொல்லாமல் விடக் கூடாது. சலுகைக் காலம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது. தவணை அறுபது நாளுக்கு மேல் தாமதமானாலொழிய இடையில் சலுகையைப் பறிக்கக் கூடாது. கெடு முடிவதற்கு முந்தைய இரண்டு பில் காலங்களில், குறைந்தபட்சத் தொகைக்கு மேல் கட்டும் பணம் ஒத்தி வைத்த பாக்கிக்கே முதலில் போக வேண்டும். கெடு எந்தத் தேதி என்பதை ஒவ்வொரு பில்லிலும் முன்பக்கத்தில் அச்சிட வேண்டும். விளம்பரத்தில் "வட்டி இல்லை" என்று போட்டால் அதற்குப் பக்கத்திலேயே "முழுவதும் கட்டினால்" என்றும் போட வேண்டும்.

இந்தக் கடைசி இரண்டு விதிகளைப் படித்தபோது, என் மருமகளின் பழைய பில்களை எடுத்துப் பார்த்தேன். இருந்தது, ஐயா! பதினொரு பில்களிலும் முன்பக்கத்தில் "அக்டோபர் 12" என்று அச்சாகியிருந்தது. பில்லைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாதபடி பணம் தானாகப் போய்க்கொண்டிருந்ததால், அதை யாரும் பார்க்கவில்லை. அதே பக்கத்தில், அதைவிடப் பெரிய எழுத்தில், "குறைந்தபட்சம் கட்ட வேண்டியது 75 டாலர்" என்று மற்றொரு வரி. அதை நம்பி மாதம் 75 கட்டியிருந்தால் பதினொரு தவணையில் 825 டாலர்தான் தீர்ந்திருக்கும். கெடுவன்று 1,575 டாலர் பாக்கி நிற்கும். குறைந்தபட்சத் தொகை தாமதக் கட்டணத்திலிருந்து காப்பாற்றுமே தவிர, ஒத்தி வைத்த வட்டியிலிருந்து காப்பாற்றாது. தவணை நாளும் கெடு நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் எங்கள் பதினாறு நாள் விழுந்தது.

அச்சிட்டுவிட்டால் போதுமா என்ற கேள்வி பின்னும் எழுந்தது. 2013 டிசம்பரில், நுகர்வோர் நிதிப் பாதுகாப்புக்கான அமெரிக்க அரசு அமைப்பு, ஜீ.ஈ. கேபிடல் ரீடெயில் பாங்க் என்ற வங்கியும் அதன் கேர்கிரெடிட் என்ற பிரிவும் வாடிக்கையாளர்களுக்கு 34.1 மில்லியன் டாலர் வரை, அதாவது மூன்று கோடியே நாற்பத்தொரு லட்சம் டாலர் வரை, திருப்பித் தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இந்த அட்டை பல் வைத்தியர்களின் அறைகளிலும் மற்ற மருத்துவ நிலையங்களிலும் கொடுக்கப்பட்டது. சலுகைக் காலத்தில் 26.99 சதவிகித வட்டி ஓரமாக ஏறிக்கொண்டிருந்தது. பல் வலியோடு வந்து உட்கார்ந்தவர்கள், வரவேற்பு மேஜையில் இருந்தவர் சொன்னதைக் கேட்டு, வட்டியே கிடையாது என்று எண்ணிக் கையெழுத்திட்டார்கள். காகிதத்தில் என்ன அச்சாகியிருந்தால் என்ன? வாயால் சொல்லும் ஆள் பாதியைச் சொன்னால் கேட்பவர் காதில் பாதிதானே விழும்?

2017 ஜூனில் அதே அமைப்பு பெரிய கடை அட்டைக் கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதி, இந்த முறையை விட்டு நேரான பூஜ்ய வட்டிக்கு மாறுவதைப் பற்றி யோசிக்கும்படி கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்ளத்தான் முடிந்தது. திட்டம் சட்டப்படியானது, இன்றும் நடக்கிறது.

நேரான பூஜ்ய வட்டியை அடையாளம் கண்டுகொள்வது எளிது. அதில் சலுகைக் காலத்துக்கு வட்டி உண்மையாகவே பிறப்பதில்லை. கெடு தாண்டினால், நிற்கிற பாக்கிக்கு மட்டும் அன்றிலிருந்து வட்டி. எங்கள் கணக்கில் அது இரண்டு டாலர் சொச்சத்தோடு முடிந்திருக்கும். அதன் விளம்பரத்தில் "இத்தனை மாதத்துக்கு 0 சதவிகிதம்" என்று இருக்கும். "முழுவதும் கட்டினால்" என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டிருந்தால் அது ஒத்தி வைத்த வட்டி. அத்தகைய கடனை வாங்கத்தான் வேண்டுமென்றால், விலையைப் பன்னிரண்டால் வகுக்காமல் பதினொன்றால் வகுக்க வேண்டும். 2,400க்கு அது மாதம் 219 டாலர். பத்தொன்பது டாலர் கூடுதல், அவ்வளவே வித்தியாசம். கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பே கணக்கு தீர்ந்துவிடும்.

மருமகள் அந்த வங்கிக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்தாள். சில சமயம் கேட்டால் குறைத்துக்கொள்வதும் உண்டாம். அவளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. எதிர்முனையில் இருந்த பெண் மிகவும் இனிமையாகப் பேசி, ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்துக்காட்டி, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்றும் விசாரித்தாளாம்.

"ஏமாற்றிவிட்டார்களா, மாமா?" என்ற கேள்விக்கு நான் கடைசியில் சொன்ன பதில் இதுதான்: "பொய் சொல்லி ஏமாற்றவில்லை, அம்மா. எல்லாவற்றையும் அச்சிட்டே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சலுகை இலவசமும் அல்ல. கெடுவுக்குள் கட்டியவர்களுக்கு ஓராண்டுக் கடன் சும்மா கிடைத்தது. அதற்கு ஆகும் செலவில் ஒரு பங்கைக் கெடு தவறியவர்கள் கட்டுகிறார்கள். கையில் பணப் புழக்கம் உள்ளவன் தவறுவது குறைவு. வேலை போனவனும், வீட்டில் நோயாளியை வைத்திருப்பவனும்தான் பெரும்பாலும் தவறுவார்கள். நீ தப்பித்திருந்தால் உனக்காகவும் அவர்களில் ஒருவன் கட்டியிருப்பான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அன்று மாலையே 334 டாலரைக் கட்டிவிட்டு, அந்த அட்டையைக் கத்தரிக்கோலால் இரண்டாக நறுக்கினாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, சமையலறைக்குத் தவணையில் வாங்கியிருந்த குளிர்பெட்டியின் பில்லைத் தேட ஆரம்பித்தாள்.